தலைப்பே இல்லாத பழைய மெயில்களுக்கு இப்போது தலைப்பு வைப்பது எப்படி?

நிலவன்

எங்கள் பராமரிப்புப் பிரிவுக்கு ஒரு பொது மெயில் பெட்டி உண்டு. அதைக் கவனித்துக்கொண்டிருந்தவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டார். பம்புகள் சம்பந்தப்பட்ட 60 மெயில்களைப் புதிதாக வரும் குழுவிடம் ஒப்படைக்க வேண்டிய பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உள்ளே இருக்கும் விஷயம் எல்லாம் முக்கியமானது. ஆனால் சப்ஜெக்ட் வரியைப் பார்த்தால் எது எதைப் பற்றியது என்று தெரியவே தெரியாது. பாதிக்கு மேல் "அவசரம்", "பேசியபடி", "வணக்கம்" என்றுதான் இருக்கிறது. சிலவற்றில் ஒன்றுமே இல்லை.

மாதிரிக்கு ஒரே தொடரில் வந்த ஐந்து மெயில்களைத் தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

முதலாவது, 2024 பிப்ரவரி 6. சப்ஜெக்ட்: (no subject). உள்ளே: "நேற்று பேசியபடி மூன்றாவது பம்பின் சத்தத்தை வீடியோ எடுத்து இணைத்துள்ளேன். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்." இணைப்பு: VID_0412.mp4.

இரண்டாவது, பிப்ரவரி 8. சப்ஜெக்ட்: "அவசரம்!!!" உள்ளே: "பேரிங் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். புதிது மாற்றுவதா, இருப்பதையே பழுது பார்ப்பதா? இன்றே சொல்லவும்."

மூன்றாவது, அதே நாள் மாலை. சப்ஜெக்ட்: "Re: அவசரம்!!!" உள்ளே: "சரி, செய்துவிடுங்கள்."

நான்காவது, பிப்ரவரி 12. சப்ஜெக்ட்: "Fwd: Re: அவசரம்!!!" உள்ளே: "இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்." இணைப்பு: scan0007.pdf. திறந்து பார்த்தால் மூன்றாவது பம்பின் பேரிங்குக்கும் முதல் பம்பின் சீலுக்கும் சேர்த்து ஒரு கொட்டேஷன்.

ஐந்தாவது, பிப்ரவரி 15. சப்ஜெக்ட்: "Re: Fwd: Re: அவசரம்!!!" உள்ளே: "அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஷிப்ட் யார் யார்? பட்டியல் அனுப்பவும்."

இவற்றுக்கு என்ன தலைப்பு வைப்பீர்கள்? எங்கே வைப்பது என்பதிலும் எனக்குக் குழப்பம் இருக்கிறது.

சுந்தர்

60 மெயில்தானே, இதற்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் முதல் வரியை எடுத்துத் தலைப்பாகப் போடுங்கள், முன்னால் மெயில் வந்த தேதியைச் சேருங்கள். "2024-02-06 மூன்றாவது பம்பின் சத்தம் வீடியோ" என்று வந்துவிடும். அவுட்லுக்கின் பழைய டெஸ்க்டாப் பதிப்பில் மெயிலைத் தனி ஜன்னலில் திறந்து, சப்ஜெக்ட் மேல் கிளிக் செய்து மாற்றிச் சேமிக்கலாம். வேலை முடிந்தது.

கயல்விழி

சுந்தர் சொல்லும் வழி முதல் மெயிலுக்கு மட்டும் சரியாக வரும். மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வரியே "சரி, செய்துவிடுங்கள்". நான்காவதில் "இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்". இவற்றைத் தலைப்பாக வைத்தால் பழைய தலைப்பைவிட எந்த விதத்திலும் மேல் இல்லை. மெயில் வந்த தேதியும் தேவையில்லை. அது ஏற்கெனவே பக்கத்துப் பத்தியில் இருக்கிறது, அதை வைத்து வரிசைப்படுத்தவும் முடியும். தலைப்பில் போட வேண்டிய தேதி, விஷயம் எந்த நாளைப் பற்றியதோ அந்தத் தேதி. ஐந்தாவது மெயிலில் மட்டும்தான் அப்படி ஒன்று வருகிறது.

நிலவன், நான் பதிவேடுகள் பிரிவில் பல காலம் இருந்தவள். ஒரு மெயிலுக்குத் தலைப்பு வைக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: ஆறு மாதம் கழித்து இதைத் தேடி வருகிற ஆள் தேடல் பெட்டியில் என்ன தட்டுவார்? அவர் "அவசரம்" என்று தட்டமாட்டார். "பம்ப் 3" என்று தட்டுவார், "பேரிங்" என்று தட்டுவார், "கொட்டேஷன்" என்று தட்டுவார். அனுப்பியவரின் மனநிலை சப்ஜெக்டில் இருக்கிறது, தேடுபவருக்கு வேண்டிய சொற்கள் உடலிலோ இணைப்பிலோ முந்தைய மெயிலிலோ இருக்கின்றன. அவற்றை மேலே கொண்டுவருவதுதான் வேலை.

அதனால் வரிசை இப்படி: எந்தப் பொருள், அதில் எந்தப் பகுதி, இந்த மெயில் என்ன செய்கிறது. பொருள் முதலில் வர வேண்டும், ஏனென்றால் போனில் பட்டியல் பார்க்கும்போது நீளமான தலைப்பின் வால்தான் வெட்டுப்படும். முதல் மெயிலுக்கு நான் எழுதுவது:

பம்ப் 3 – சத்தம் – வீடியோ

இரண்டாவது:

பம்ப் 3 – பேரிங் – மாற்றவா பழுதுபார்க்கவா, முடிவு கேட்டு

"பம்ப்" என்ற சொல் இரண்டாவது மெயிலில் எங்குமே இல்லை என்பதைக் கவனியுங்கள். முதல் மெயிலைப் படித்ததால்தான் எழுத முடிந்தது. ஆகவே தொடர் மெயில்களைத் தனித்தனியாகப் பிரித்து ஆளுக்குக் கொஞ்சம் என்று பங்கு போடாதீர்கள். ஒரு தொடரை ஒரே ஆள், பழையதிலிருந்து புதியதை நோக்கிப் படிக்க வேண்டும்.

மணிமேகலை

எனக்கும் இதே பிரச்சினைதான். நான் நல்ல தலைப்புப் போட்டு அனுப்பினாலும் யாரும் திறந்து படிப்பதில்லை. "உடனே பார்க்கவும்" என்று போட்டால் கொஞ்சம் பேர் பார்க்கிறார்கள். எழுத்தைப் பெரிதாகக் காட்டவோ நட்சத்திரக் குறி சேர்க்கவோ வழி இருக்கிறதா?

கயல்விழி

மணிமேகலை, உங்களுடையது வேறு கேள்வி. நீங்கள் அனுப்பப்போகும் மெயிலைத் திறக்க வைப்பதைப் பற்றிக் கேட்கிறீர்கள். நிலவன் ஏற்கெனவே வந்து கிடக்கும் மெயிலைத் தேடினால் அகப்படும்படி செய்ய வேண்டும். ஆனாலும் ஒன்று சொல்லலாம். "உடனே பார்க்கவும்" என்பதற்குப் பதில் எதைப் பார்க்க வேண்டும், எந்த நாளுக்குள் என்று எழுதிப் பாருங்கள். நட்சத்திரக் குறியால் தேடலுக்குப் பயன் கிடையாது. நட்சத்திரம், அடைப்புக்குறி போன்ற குறிகளை ஜிமெயில் தேடலில் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

நிலவன்

நன்றி அக்கா. மூன்றாவதுக்கு "பம்ப் 3 – பேரிங் – புதிது மாற்ற ஒப்புதல்" என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். நான்காவதில் கொட்டேஷன் வந்திருக்கிறதே, அதனால் புதிது வாங்கத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

கயல்விழி

அங்கேதான் நிறுத்த வேண்டும். கேட்டவர் இரண்டில் எது என்று கேட்டார். பதில் சொன்னவர் "சரி, செய்துவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். எதைச் செய்ய என்று அந்த மெயிலில் இல்லை. கொட்டேஷன் நான்கு நாள் கழித்து வந்தது. விலை தெரிந்துகொள்வதற்காகவும் ஒருவர் கொட்டேஷன் கேட்டிருக்கலாம். நீங்கள் "புதிது மாற்ற ஒப்புதல்" என்று தலைப்பு வைத்தால், நாளைக்கு அந்தச் செலவுக்கு யார் அனுமதி கொடுத்தது என்ற பேச்சு வரும்போது தேடுபவர் இந்தத் தலைப்பைப் பார்த்து, உள்ளே திறக்காமலே முடிவுக்கு வந்துவிடுவார். அந்த மனிதர் சொல்லாத ஒன்றை அவர் பெயரில் நீங்கள் எழுதியதாகிவிடும்.

நான் வைப்பது:

பம்ப் 3 – பேரிங் – மாற்றவா பழுதுபார்க்கவா, கேள்விக்குப் பதில்

இது தேடலில் அகப்படும், பொய்யும் இல்லை. முடிந்தால் அனுப்பியவரிடமே எதைச் சொன்னீர்கள் என்று கேட்டு, பதிலைத் தனிக் குறிப்பாக வையுங்கள். தலைப்பில் சேர்க்க வேண்டாம்.

இதே காரணத்துக்காக "நிலுவை", "முடிந்தது", "இறுதி" என்ற சொற்களையும் தவிர்க்கிறேன். மெயில் அன்றைக்கு என்ன செய்தது என்பது மாறாது: கேட்டது, அனுப்பியது, ஒப்புக்கொண்டது, மறுத்தது. நிலைமை மாறிக்கொண்டே இருக்கும். இன்று "நிலுவை" என்று எழுதினால் அடுத்த வாரம் அந்தத் தலைப்பு தவறு.

பூவரசு

ஐந்தாவது மெயிலை யாரும் தொடவில்லையே. அது பம்பைப் பற்றியதே இல்லை. கைக்கு முதலில் அகப்பட்ட மெயிலில் பதில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் புது விஷயத்தை எழுதியிருக்கிறார். அதனால் பம்ப் தொடரிலிருந்து அதைப் பிரித்துவிட்டு, "ஞாயிறு ஷிப்ட் – 2024 மார்ச் முதல் – பெயர்ப் பட்டியல் கேட்டு" என்று வைக்கலாம்.

தறி

பூவரசு, "அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஷிப்ட்" என்பதை இரண்டு விதமாகப் படிக்கலாம். மார்ச் மாதம் தொடங்கி எல்லா ஞாயிறும் என்று நீங்கள் படிக்கிறீர்கள். எனக்கு முதலில் தோன்றியது மார்ச் மாதத்தின் முதல் ஞாயிறு, அதாவது மார்ச் 3. பேச்சில் நிறுத்தும் இடத்தை வைத்துத் தெரிந்துவிடும், எழுத்தில் ஒரு காற்புள்ளிகூட இல்லை.

கயல்விழி

நல்ல கவனிப்பு தறி. நானும் பூவரசு மாதிரியேதான் படித்தேன். இப்படி வரும்போது இரண்டு வாசிப்புக்கும் பொருந்துகிற அளவோடு நிறுத்திவிட வேண்டும்:

ஞாயிறு ஷிப்ட் – 2024 மார்ச் – பெயர்ப் பட்டியல் கேட்டு

"முதல்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். இரண்டில் எது சரியாக இருந்தாலும் தலைப்பு தவறாகாது. "அடுத்த மாதம்", "நேற்று", "வரும் வெள்ளி" என்று வரும் எதையும் அப்படியே தலைப்பில் ஏற்றாதீர்கள். மெயிலின் தேதியைப் பார்த்து உண்மையான மாதமோ நாளோ ஆக்கி எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: முன்அனுப்பிய மெயிலில் உள்ளே இருக்கும் பழைய செய்தியின் தேதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும், வெளியே தெரியும் தேதியை அல்ல.

நான்காவதில் இரண்டு பொருள் இருக்கிறது. இரண்டையும் எழுதிவிடுங்கள்: "பம்ப் 3 பேரிங், பம்ப் 1 சீல் – கொட்டேஷன்". முதல் பம்பின் சீலைத் தேடுபவர் வேறு எந்த வழியிலும் இந்த மெயிலுக்கு வந்து சேரமாட்டார். ஸ்கேன் செய்த படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடல் படிக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது.

சுந்தர்

சரி, முதல் வரி யோசனையை விட்டுவிடுகிறேன். ஆனால் "பம்ப் 3 – பேரிங் – கொட்டேஷன்" என்று தந்தி மாதிரி எழுதுவதற்குப் பதில் "மூன்றாவது பம்பின் பேரிங்கை மாற்றுவதற்கான கொட்டேஷன்" என்று ஒழுங்கான தமிழில் எழுதலாமே? படிக்க நன்றாக இருக்கும்.

தறி

படிக்க நன்றாக இருக்கும், தேடினால் வராது. தமிழில் தலைப்பு வைப்பவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. "பம்ப்" என்று தேடுகிறீர்கள். தலைப்பில் "பம்பின்" என்று இருக்கிறது. ஜிமெயில் சொல்லின் பாதியை வைத்துத் தேடித் தராது. சரி, எக்செல் மாதிரி சொல்லுக்குள்ளும் தேடுகிற இடத்தில் தேடினால்? அங்கேயும் வராது. "பம்ப்" கடைசியில் புள்ளியோடு முடிகிறது. "பம்பின்" என்று ஆகும்போது அந்தப் புள்ளி போய், இகரம் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆகவே "பம்பின்" என்ற சொல்லுக்குள் "பம்ப்" என்ற எழுத்து வரிசையே கிடையாது. "சீல்", "சீலை" விஷயமும் இதுதான். "பேரிங்", "பேரிங்கை" மட்டும் எக்செலில் தப்பிக்கும், ஏனென்றால் அங்கே புள்ளி அப்படியே இருக்கிறது.

அதனால் தேடலுக்குரிய பெயர்ச்சொல் எதற்கும் வேற்றுமை உருபு ஏற்றாமல் வெறும் பெயராகவே வையுங்கள். நடுவில் கோடு போட்டால் உருபு இல்லாமலே பொருள் புரிந்துவிடும். கயல்விழி அக்கா எழுதும் வடிவம் அதற்கும் பொருந்துகிறது. உருபு ஏறினால் பரவாயில்லை என்று விடக்கூடியது கடைசித் துண்டு மட்டும்தான், "கேட்டு", "பதில்" என்று யாரும் தேடப்போவதில்லை.

எண்ணையும் ஒரே மாதிரி வையுங்கள். ஓரிடத்தில் "பம்ப் 3", இன்னோரிடத்தில் "மூன்றாவது பம்ப்", வேறோரிடத்தில் "பம்ப்-3" என்று போனால் மூன்று முறை தேட வேண்டியிருக்கும்.

சுந்தர்

இது நான் யோசிக்காத கோணம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "கொட்டேஷன்" என்றா, "விலைப்புள்ளி" என்றா? எங்கள் இடத்தில் இரண்டும் ஓடும்.

கயல்விழி

எதுவானாலும் ஒன்று. வேலையைத் தொடங்கும் முன் இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து சொற்களுக்கு ஒரு சின்னப் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். புதிய குழு வாயில் எது வருகிறதோ அதை எடுங்கள், உங்களுக்குப் பிடித்ததை அல்ல. அந்தப் பட்டியலை ஒப்படைக்கும் கோப்பின் முதல் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். என்ன சொல் தட்ட வேண்டும் என்று தேடுபவருக்கும் தெரிய வேண்டும்.

நிலவன்

தலைப்பு வைப்பது இப்போது பிடிபட்டுவிட்டது. எங்கே வைப்பது? சுந்தர் சொன்ன மாதிரி அவுட்லுக்கில் அப்படியே மாற்றிவிடலாமா?

பூவரசு

வேண்டாம். மூல மெயிலில் கை வைக்காதீர்கள். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் சப்ளையரோடு ஒரு தகராறு வந்தது. இரண்டு பக்கமும் ஒரே மெயிலைக் காட்டினார்கள், சப்ஜெக்ட் மட்டும் வேறு வேறாக இருந்தது. எங்கள் பக்கத்தில் யாரோ ஒழுங்குபடுத்துகிறேன் என்று மாற்றியிருந்தார். அதற்குப் பிறகு அந்த மெயிலில் மீதி எதுவும் மாறவில்லை என்று நம்பவைக்கப் பெரும்பாடு பட வேண்டியிருந்தது.

தறி

தொழில்நுட்பமாகவும் அது உண்மைதான். மெயில் இடையில் மாறவில்லை என்று சரிபார்க்க அனுப்பும் சர்வர் போடும் டிகிம் கையொப்பம் வழக்கமாக சப்ஜெக்ட் வரியையும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. ஓர் எழுத்து மாறினாலும் சரிபார்ப்பு தோற்றுப்போகும். அதோடு நீங்கள் மாற்றுவது உங்கள் பெட்டியில் இருக்கும் பிரதியை மட்டும். மற்றவர்களிடம் "அவசரம்!!!" அப்படியேதான் இருக்கும். அவுட்லுக்கில் உரையாடலாகத் தொகுத்துக் காட்டும் வசதி போட்டிருந்தால் தொகுப்பின் தலையில் பழைய தலைப்பே நிற்கும். ஜிமெயிலில் வந்த மெயிலின் சப்ஜெக்டை மாற்றவே முடியாது.

நான் செய்வது: மெயில்களைப் பல மெயில்கள் ஒன்றாக அடங்கும் mbox கோப்பாக இறக்கி, ஒரு பட்டியலாக்கி, கடைசிப் பத்தியில் புதிய தலைப்பை எழுதுவது. ஜிமெயிலில் அந்த மெயில்களுக்கு ஒரு லேபிள் போட்டு, கூகுள் டேக்அவுட்டில் அந்த லேபிளை மட்டும் தேர்ந்தெடுத்தால் mbox கிடைக்கும். அதற்கு `batch.mbox` என்று பெயர் வைத்து, அதே ஃபோல்டரில் இந்தப் பைதான் நிரலை ஓட்டினால் `list.csv` என்ற பட்டியல் வரும்.

```python
import mailbox, csv
from email.header import decode_header, make_header

def d(x):
    return str(make_header(decode_header(x or "")))

with open("list.csv", "w", newline="", encoding="utf-8-sig") as f:
    w = csv.writer(f)
    w.writerow(["id", "date", "from", "old", "new"])
    for m in mailbox.mbox("batch.mbox"):
        w.writerow([m["Message-ID"], m["Date"],
                    d(m["From"]), d(m["Subject"]), ""])
```

`d` எதற்கு என்றால், தமிழ் சப்ஜெக்ட் மெயில் கோப்புக்குள் `=?UTF-8?B?` என்பது போலத் தொடங்கும் குறியீடாகத்தான் வழக்கமாக இருக்கும். அதைப் படிக்கக்கூடிய தமிழாக மாற்றித் தருகிறது. `utf-8-sig` போடாவிட்டால் எக்செலில் திறக்கும்போது தமிழ் உடைந்து தெரியலாம்.

முதல் பத்தியில் வரும் `Message-ID` தான் இதில் உயிர்நாடி. ஒரே மெயில் இரண்டு இடத்தில் கிடந்தாலும் அந்த அடையாளம் ஒன்றாகவே இருக்கும், அதனால் இரட்டிப்பு வந்ததும் தெரிந்துவிடும். பட்டியலில் தலைப்பைக் கண்டுபிடித்தவர் மெயிலுக்குப் போக, ஜிமெயில் தேடலில் `rfc822msgid:` என்று போட்டு, பின்னால் அந்த அடையாளத்தை இருபுறமும் இருக்கும் கோணக் குறிகள் இல்லாமல் ஒட்டினால் அந்த ஒரு மெயில் மட்டும் வரும். புதிய குழு அதே பெட்டியைத்தான் பயன்படுத்தப்போகிறது என்றால் இது போதும்.

சுந்தர்

கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நடக்காது. அவசரத்துக்கு யார் பட்டியலைத் திறந்து, அடையாளத்தை நகலெடுத்து, இன்னோர் இடத்தில் ஒட்டுவார்கள்? மனிதர்கள் மெயில் பெட்டியில்தான் தேடுவார்கள். மூலத்தை ஒரு தனி ஃபோல்டரில் பூட்டி வைத்துவிட்டு, பிரதி எடுத்து அதில் தலைப்பை மாற்றினால் என்ன?

தறி

செய்யலாம். பிரதியில் பழைய தலைப்பை `X-Original-Subject` என்று ஒரு தனி வரியில் வைத்துவிட்டால் எது மாறியது என்று தெரியும். ஆனால் தேடும்போது மூலமும் பிரதியும் இரண்டும் வரும். எது எது என்று தெரியாமல் யாராவது பிரதியை முன்அனுப்பிவிட்டால் பூவரசு சொன்ன தகராறு மறுபடியும்.

பூவரசு

இரண்டும் ஒரே பெட்டியில் இருக்கிறவரைக்கும் எனக்கு ஒப்புதல் இல்லை. சிரமமானாலும் பட்டியல்தான்.

சுந்தர்

யாரும் திறக்காத பட்டியலுக்காக 60 மெயிலைப் படிப்பது வீண் உழைப்பு என்பது என் கருத்து. ஒப்பந்தம், பணம் சம்பந்தப்பட்டவை மட்டும் தொடாமல் இருக்கட்டும். வீடியோவுக்கும் ஷிப்ட் பட்டியலுக்கும் எதற்கு இந்தப் பயம்?

கயல்விழி

எது நாளைக்கு ஆதாரம் ஆகும் என்று இன்றைக்குப் பிரிப்பது சுலபமில்லை சுந்தர். அந்தச் சத்த வீடியோவே பேரிங் எப்போது பழுதானது என்பதற்குச் சாட்சியாகலாம். ஆனால் பட்டியலை யாரும் திறக்கமாட்டார்கள் என்று நீங்கள் சொல்வதையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நிலவன், உங்கள் இடத்தில் மெயில்களைப் பாதுகாப்பது பற்றி விதி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் இந்த விவாதத்துக்கே இடமில்லை.

இன்னொன்று. 60-ல் யாருடைய சம்பளம், உடல்நலம், ஒழுங்கு நடவடிக்கை பற்றிய மெயிலாவது இருந்தால் தலைப்பில் அந்த விவரத்தை எழுதாதீர்கள். பூட்டிய போன் திரையில்கூடத் தெரியும் வரி அது. உடலை மறையாக்கம் செய்து அனுப்பும் மெயில்களில்கூட சப்ஜெக்ட் பல நேரம் வெளிப்படையாகவே போகிறது. "விடுப்பு – 2024 மார்ச் – கோரிக்கை" என்பது போதும்.

நிலவன்

விதி பற்றி மேலாளரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரை பட்டியலில் மட்டும் எழுதுகிறேன். ஐந்தும் இப்படி வந்திருக்கின்றன:

```
பம்ப் 3 – சத்தம் – வீடியோ
பம்ப் 3 – பேரிங் – மாற்றவா பழுதுபார்க்கவா, முடிவு கேட்டு
பம்ப் 3 – பேரிங் – மாற்றவா பழுதுபார்க்கவா, கேள்விக்குப் பதில்
பம்ப் 3 – பேரிங், பம்ப் 1 – சீல் – கொட்டேஷன்
ஞாயிறு ஷிப்ட் – 2024 மார்ச் – பெயர்ப் பட்டியல் கேட்டு
```

"சரி, செய்துவிடுங்கள்" என்று எழுதியவரிடமும் கேட்டேன். அவருக்கு நினைவில்லை என்கிறார். அப்படியானால் அந்தத் தலைப்பு இப்படியே இருக்கட்டுமா?

கயல்விழி

இருக்கட்டும். "கேட்டபோது நினைவில்லை என்றார்" என்பதை இன்றைய தேதியோடு பட்டியலில் அந்த வரிக்குப் பக்கத்தில் எழுதிவையுங்கள். அடுத்து மிச்சமிருப்பவற்றில் "பேசியபடி" என்று வந்த மெயில்களை எடுங்கள். அவற்றில் பாதி விஷயம் போனில் நடந்திருக்கும். பேசிய ஆட்கள் இன்னும் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.